ஒற்றை டிக்

2023 ஜூன் இரண்டாவது வாரம். ஷார்ஜாவிலிருந்து ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. ராயக்கோட்டை சாலையில் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து, பதினான்கு ஆண்டுகளுக்கு முன் என்னோடு மாங்கூழ் தொழிலில் இருந்தவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதினேன். நாற்பத்து மூன்று பெயர்கள் வந்தன. ஆலை மேலாளர்கள், ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள், ஏற்றுமதி அலுவலகத்தில் இருந்தவர்கள், பழம் அனுப்பிய மண்டிக்காரர்கள். பழைய டைரியையும் நண்பர்களையும் கேட்டு எண்களைச் சேர்த்தேன். எல்லோரையும் வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் போட்டு, ஊருக்கே வந்துவிட்டேன், தரக்கட்டுப்பாட்டில் இத்தனை ஆண்டு அனுபவம், பொருத்தமான வாய்ப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று ஒரே செய்தியாக எழுதி, தன்விவரக் குறிப்பையும் இணைத்து அனுப்பினேன்.

மூன்று பேர் பதில் போட்டார்கள். மற்ற நாற்பது பேரின் பக்கத்திலும் ஒற்றை டிக்தான் நின்றது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே நின்றது. செல்போனை அணைத்து வைத்திருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு, என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். வெளிநாட்டில் நன்றாகச் சம்பாதித்துவிட்டு இப்போது நம் வாசலுக்கு வருகிறான் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிப் புலம்பினேன். அந்த இரண்டு மாதமும் எனக்கு எவ்வளவு கசப்பாக இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. இரவில் விழிப்பு வந்தால் யாருக்கெல்லாம் என்னென்ன செய்தேன் என்று கணக்குப் பார்ப்பேன். அவருடைய மகனுக்கு ஷார்ஜாவில் அறை பார்த்துக் கொடுத்தேனே, இவர் அனுப்பிய மாதிரியைச் சோதித்துக் கொடுத்தேனே என்று.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போயிருந்தேன். அங்கே டீக்கடையில் அந்த நாற்பது பேரில் ஒருவரை, ஒரு மண்டிக்கார அண்ணனைப் பார்த்தேன். பார்க்காததுபோல் நகர்ந்துவிடலாம் என்று திரும்பினேன். அவர் என் சட்டையைப் பிடித்து இழுக்காத குறைதான். "எப்போது வந்தாய்? வந்தவன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாயா?" என்றார். செய்தி அனுப்பினேனே அண்ணா என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று. அவர் தன் செல்போனை எடுத்து என் கையில் கொடுத்தார். தேடிப் பார்த்தேன். என் செய்தி அதில் இல்லவே இல்லை.

அன்று மாலை என் அண்ணன் மகள்தான் விஷயத்தைச் சொன்னாள். பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தங்கள் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். நான் ஊருக்கு வந்து வாங்கிய புதிய எண் யாரிடமும் இல்லை. பதில் போட்ட மூவரும், வந்த புதிதில் நான் நேரில் பேசி எண் கொடுத்தவர்கள். நாற்பது பேர் என்னை ஒதுக்கவில்லை. அவர்களுக்கு நான் வந்ததே தெரியாது.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்றிரவு வேறொன்று உறுத்த ஆரம்பித்தது. ஒருவர் செல்போனில்கூட என் எண் இல்லாமல் போகும் அளவுக்கு இந்தப் பதினான்கு ஆண்டுகளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

ஏழு ஜூலைகள்

விடுமுறைக்கு ஏழு முறை ஊருக்கு வந்திருக்கிறேன். ஏழும் ஜூலையில். பிள்ளைகளுக்கு அங்கே பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில்தான். நம் ஊரில் மாங்கூழ் ஆலைக்காரன் மனைவி பிள்ளையைக்கூடச் சரியாகப் பார்க்காத மாதம் ஜூலை. பெங்களூரா என்று நாம் சொல்லும் கிளிமூக்கு மாம்பழம் வந்து குவிகிற நேரம். மே நடுவில் தொடங்கினால் ஜூலை முடியும்வரை இரவு பகலாக ஆலை ஓடும். பர்கூர் பக்கம் பழ லாரிகள் வரிசையில் நிற்கும். அந்த நேரத்தில் ஒருவரைக் கூப்பிட்டால், பின்னால் இயந்திரம் ஓடும் சத்தத்தில், "அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிடுவார். ஏழு ஆண்டும் அந்த 'அப்புறம்' வருவதற்குள் நான் விமானம் ஏறியிருப்பேன். ஷார்ஜாவிலிருந்து பேசலாம் என்றால் அங்கே வாட்ஸ்அப்பில் அழைப்பு வேலை செய்யாது. காசு கொடுத்துப் பேசும் அழைப்பு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என்று சுருங்கிவிட்டது.

இதற்கிடையில் நம் பக்கத்தில் பலரும் வைத்திருந்த ஒரு செல்போன் சேவை 2018-இல் நின்றுபோனது. எண்ணை வேறு சேவைக்கு மாற்றிக்கொள்ளத் தவறியவர்கள் புது எண்ணுக்குப் போனார்கள். அந்த நாற்பது எண்களை நான் ஒவ்வொன்றாக அழைத்துப் பார்த்தபோது, பதினோரு எண்கள் வேறு யாரிடமோ இருந்தன அல்லது உபயோகத்தில் இல்லை. ஒரு எண்ணை ஓசூரில் ஒரு பள்ளி மாணவன் எடுத்தான்.

வந்ததும் நான் செய்ததும் அதே தவறுதான். ஜூன் மாதத்தில் செய்தி அனுப்பினேன். ஒருவேளை அது போய்ச் சேர்ந்திருந்தாலும் யார் படித்திருப்பார்கள்? மாங்கூழ் தொழிலில் பேசுவதற்கென்று ஒரு காலம் இருக்கிறது. ஆகஸ்டில் ஆலையைக் கழுவி மூடுவார்கள். செப்டம்பரிலிருந்து கையிருப்பு டிரம்களை விற்பதும் வாங்குபவர்களின் புகார்களுக்குப் பதில் சொல்வதும் நடக்கும். ஜனவரியில் எல்லோருடைய கண்ணும் மரத்தில் இருக்கும், பூ எப்படி என்று. மார்ச், ஏப்ரலில் சீசனுக்கு ஆள் எடுப்பார்கள். வேலை கேட்பதற்கு ஏப்ரல் சரியாக இருக்கலாம். விட்டுப்போன உறவைப் புதுப்பிக்க அக்டோபர்தான் சரி. அப்போதுதான் ஒரு மேலாளர் தன் அறையில் உட்கார்ந்து சாவகாசமாக டீ குடிப்பார்.

ஆகவே அக்டோபர்வரை காத்திருந்தேன். அதற்குள் பட்டியலையும் மாற்றி எழுதினேன். ஜூனில் எழுதியபோது பதவி பெரியவர்கள்தாம் மேலே இருந்தார்கள். இப்போது முதலில் எழுதிய பெயர், பழைய பட்டியலில் இல்லவே இல்லாத ஒருவருடையது. எங்கள் ஆலையில் பாய்லர் ஓட்டிய அண்ணன். யோசித்துப் பார்த்தால், ஒரு மேலாளருக்குத் தன் ஆலை மட்டும்தான் தெரியும். சான்றிதழ் வைத்திருக்கும் பாய்லர் ஆள் சீசனுக்குச் சீசன் ஆலை மாறுகிறவர். எந்த ஆலை இந்த ஆண்டு ஓடும், எது விற்பனைக்கு வந்திருக்கிறது, எங்கே சம்பளம் தள்ளிப்போகிறது, எந்த ஆய்வகத்தில் ஆள் நிற்பதில்லை என்று எல்லாம் அவருக்குத் தெரியும். இயந்திரம் பழுது பார்க்கிறவர், காலி டிரம் கொண்டுவந்து இறக்குகிறவர் ஆகியோரும் அப்படித்தான். இவர்களை எழுத எனக்கு ஜூனில் தோன்றவில்லை என்பது என் மனதில் இன்னும் முள்ளாக இருக்கிறது.

அவருக்கு நான் அனுப்பிய செய்தியை அப்படியே தருகிறேன். "அண்ணா, வணக்கம். 2008 சீசனில் இரவு ஷிப்டில் ஆய்வகத்தில் இருந்தவன். மழை கொட்டிய இரவில் பாய்லருக்கு விறகு நனைந்துபோய், நாம் இரண்டு பேரும் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு நின்றோம். இப்போது ஊரிலேயே இருக்கிறேன். இது என் புது எண். இப்போதும் விறகுதானா, வேறு மாறிவிட்டதா?" அவ்வளவுதான். யார் என்று அடையாளம் காட்ட எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு சம்பவம், அவர் எளிதாகப் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. வேலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பத்து நிமிடத்தில் அவரே அழைத்தார். நாற்பது நிமிடம் பேசினார். எங்கள் பழைய மேலாளர் இப்போது பர்கூர் பக்கம் வேறு ஓர் ஆலையில் இருக்கிறார் என்பது அந்த அழைப்பில்தான் எனக்குத் தெரிந்தது. அங்கே ஏதோ ஏற்றுமதிப் புகார், மனிதர் தூங்குவதில்லை என்றும் சொன்னார்.

பத்து நாள் முன்பு

அந்த மேலாளரின் பெயர் என் பட்டியலில் முதலிலிருந்தே இருந்தது. ஆனால் நேரில் போக மட்டும் கால் வரவில்லை. காரணத்தை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். 2009 மே மாதம், சீசன் தொடங்கப் பத்து நாள் இருந்தபோது எனக்கு விசா வந்தது. மூன்றே நாளில் கிளம்பினேன். ஆய்வகத்தில் இரவு ஷிப்டுக்கு என்னைத் தவிர ஆள் கிடையாது. அவரிடம் நேரில் சொல்லத் துணிச்சல் இல்லாமல், ஒரு கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு ஒரு முறைகூட அழைக்கவில்லை. இத்தனை ஆண்டும் "அவர் என்னை மறந்திருப்பார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மறந்திருக்க மாட்டார் என்பதுதான் என் பயம்.

அமெரிக்காவில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு இதைப் பற்றிப் பேசுகிறது. லெவின், வால்டர், மர்னிகன் என்ற மூவர், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களிடம், பல ஆண்டு பேசாமல் விட்ட பழைய தொடர்புகளைத் தேடிப்போய்த் தங்கள் வேலை பற்றி ஆலோசனை கேட்கச் சொன்னார்கள். முதலில் பலருக்கும் தயக்கம். ஆனால் கேட்டவர்களுக்குக் கிடைத்த ஆலோசனை, தினம் பேசுகிறவர்கள் தந்ததைவிடப் பயனுள்ளதாக இருந்தது. விலகியிருந்த காலத்தில் அந்த மனிதர்கள் வேறு விஷயங்களைக் கற்றிருப்பார்கள், பழைய நம்பிக்கையும் முழுதாகப் போயிருக்காது என்பது அவர்கள் தரும் விளக்கம். நம்பிக்கை மிஞ்சியிருக்குமா என்பதுதான் என் விஷயத்தில் கேள்வியாக இருந்தது.

காவேரிப்பட்டணத்தில் நிப்பட்டு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனேன். அவர் அறையில் தலை நரைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் "வா" என்றார். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே, "சார், 2009-இல் நான் போன விதம் தப்பு" என்றேன். வழியெல்லாம் பெரிதாக ஏதேதோ யோசித்து வைத்திருந்தேன், இவ்வளவுதான் வாயில் வந்தது. அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு, "அந்தச் சீசன் முழுக்க இரவு ஆய்வகத்தில் நான்தான் நின்றேன். கோபம் இருந்தது. இரண்டு சீசன் இருந்தது. அப்புறம் நீ ஒரு போன் செய்திருந்தால் போதும்" என்றார். நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

அதற்குப் பிறகு நான் ஒரு பிழை செய்தேன். மனம் லேசாகிவிட்ட வேகத்தில், ஷார்ஜாவில் எப்படிப் பதிவேடு வைப்பார்கள், அங்கே ஆய்வகம் எப்படி இருக்கும் என்று பேச ஆரம்பித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற இளம் ஆய்வக உதவியாளர் முகம் இறுகியதை மேலாளர்தான் கவனித்தார். "அங்கே, அங்கே என்று சொல்கிறாயே, அங்கே நம் டிரம்மைத் திறக்கும்போது என்ன பார்ப்பார்கள் என்று சொல்" என்று செல்போனை நீட்டினார். அதில் மூன்று படங்கள். மூன்று டிரம்கள், மூடி மேலே தூக்கிக்கொண்டு, வயிறு ஊதியதுபோல்.

திரும்பி வந்ததிலிருந்து யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. பதின்மூன்று ஆண்டுக்கு மேலாக ஒரு பழச்சாறு ஆலையில் நான் செய்த வேலையே அதுதான். கிருஷ்ணகிரியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வரும் டிரம்களைத் திறந்து ஏற்பதா திருப்புவதா என்று சொல்வது. ஒரு டிரம்மில் 215 கிலோ கூழ். இருபது அடி கன்டெய்னரில் எண்பது டிரம். கூழைக் கிருமி நீக்கி, ஆறவைத்து, காற்றுப் படாமல் பையில் நிரப்பி, அந்தப் பையை டிரம்முக்குள் வைக்கிறோம். அந்தப் பைக்குள் உயிரோடு ஒரு நுண்ணுயிர் போய்விட்டால் நொதித்து வாயு உண்டாகும், பை உப்பும். இவ்வளவு எல்லோருக்கும் தெரியும். வாங்குபவர் அந்தக் கன்டெய்னரையே நிராகரிக்கப் போவதாகவும், கிருமி நீக்கம் சரியில்லை என்றும் எழுதியிருந்தார். அது உண்மையானால் அந்த நாள் நிரப்பிய அத்தனை டிரம்மும் சந்தேகத்துக்குரியவை. மேலாளர் தூங்காததன் காரணம் அதுதான்.

மூன்று டிரம்மின் வரிசை எண் என்ன என்று கேட்டேன். படத்தில் தெரியவில்லை. அதுதான் முதலில் வேண்டும் என்றேன். கிருமி நீக்கும் இயந்திரத்திலோ நிரப்பும் இயந்திரத்திலோ கோளாறு என்றால், அந்த நேரத்தில் நிரப்பிய அடுத்தடுத்த எண்கள் சேர்ந்து ஊதும், 41, 42, 43 என்று. எங்கோ ஒன்று, எங்கோ ஒன்று என்றால், பெரும்பாலும் அந்தந்தப் பையில் தான் ஓட்டை. டிரம் அடிபட்டு உள்பக்கம் நசுங்கிய இடத்தில் பை உரசிக் கிழிந்திருக்கும், அல்லது வாய்மூடி சரியாக உட்கார்ந்திருக்காது. வாங்கும் ஆலையில் ஒரு நிராகரிப்புக்கு டிரம்மின் முத்திரைச் சீட்டு, பையின் வாய்மூடி, வெளியே எடுத்த பை என்று மூன்று படமாவது எடுத்து வைப்பார்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். விற்றவர் கேட்டால் கொடுப்பார்கள். நம் ஆட்கள் கேட்பதில்லை, அதனால் கிடைப்பதில்லை.

மேலாளர் அன்றே அந்தப் படங்களைக் கேட்டு எழுதினார். நான் என் பங்குக்கு ஷார்ஜாவில் என்னோடு இருந்த ஒரு கிடங்கு நண்பருக்குக் குரல் பதிவு அனுப்பினேன். அந்தப் புகார் கொடுத்த ஆலையின் கிடங்கில் அவருக்குத் தெரிந்தவர் உண்டு. அலுவலகத்துக்குப் போன கடிதம் கிடங்கில் இருப்பவர் கைக்கு வர வாரக்கணக்காகும் என்பதால், கேட்டிருக்கிறார்கள் என்று அவர் காதில் போட்டால் போதும் என்றேன். நான்காம் நாள் படங்கள் வந்தன. எண்கள் 17, 52, 68. மூன்று டிரம்மிலும் விளிம்புக்குக் கீழே ஒரே உயரத்தில் பள்ளம். ஃபோர்க்லிஃப்ட் இடித்த இடம். வெளியே எடுத்த பைகளில் இரண்டில் அதே உயரத்தில் கூழ் கசிந்து காய்ந்த பழுப்புக் கோடு தெரிந்தது. மூன்றாவது பை கிழிந்த இடம் எது என்று படத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை, அதையும் அப்படியே எழுதச் சொன்னேன். அந்த நாள் நிரப்பியதில் ஆலையில் எடுத்து வைத்திருந்த மாதிரிப் பைகளும் ஊதாமல் இருந்தன. நிராகரிப்பு மூன்று டிரம்மோடு நின்றது, எழுபத்தேழு தப்பின.

எது உயிர் பெற்றது, எது இல்லை

அந்த வேலைக்கு நான் பணம் வாங்கவில்லை. அவரும் வேலை தருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் நவம்பரில் அவரே அழைத்து, வேறு ஒரு ஆலையில் இதுபோல ஒரு புகார், பேசுகிறாயா என்று கேட்டார். அப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றாக, 2024 சீசனுக்கு இரண்டு ஆலைகள் என்னை மூன்று மாதத்துக்குத் தரம் பார்க்க அழைத்தன. சீசன் இல்லாத மாதங்களில் ஏற்றுமதிப் புகார்களுக்குப் பதில் தயாரித்துத் தருகிறேன். ஷார்ஜாவில் வாங்கியதில் பாதிக்கும் குறைவுதான் வருகிறது. வீடு நடக்கிறது.

பட்டியலில் இருந்த எல்லோரும் இப்படி இல்லை. எது உயிர் பெற்றது என்று எனக்கு இப்போது ஓரளவு பிடிபடுகிறது. நான் கேட்டதற்குப் பதில் வந்தால் அது மரியாதை. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அவர் என்னிடம் ஏதாவது ஒன்றைத் திரும்பக் கேட்டால்தான் வழி திறந்திருக்கிறது. "ஒருநாள் வாங்க" என்று சொல்கிறவர்களிடம், வியாழக்கிழமை வரட்டுமா என்று நாள் குறித்துக் கேட்பேன். இரண்டு முறை நாள் தள்ளிப்போனால் மூன்றாம் முறை கேட்பதில்லை. சிலர் நான் கையில் பணத்தோடு வந்திருப்பதாக நினைத்து ஆலையில் பங்கு போடச் சொன்னார்கள். அவர்களிடம் முதல் பேச்சிலேயே முதலீடு செய்யும் நிலையில் இல்லை என்று சொல்லிவிட்டேன். இருவர் அதோடு விலகினார்கள். ஒருவர் சிரித்துவிட்டு, அப்படியானால் ஆய்வகத்தை வந்து பார் என்றார்.

ஒருவர் மட்டும் கடைசிவரை பேசவில்லை. என்னோடு அதே ஆய்வகத்தில் பகல் ஷிப்டு பார்த்தவர். நான் போன பிறகு அவருக்கும் விசா வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். சொன்னதை நான் மறந்தே போயிருந்தேன். அவர் வீட்டு வாசல்வரை போனேன். அவர் மனைவி உள்ளே போய் வந்து, தூங்குகிறார் என்றார். பகல் பதினோரு மணி. என் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது எனக்கு வேறொரு கவலை. ஷார்ஜா நண்பரிடம் ஒவ்வொரு வாரமும் பேசிக்கொண்டிருந்தது மாதம் ஒன்றானது, போன மழைக்காலத்தில் இரண்டு மாதம் பேசவே இல்லை. அந்தப் பக்கமும் ஆறிக்கொண்டிருக்கிறது. அவருக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. அழைப்பு வேலை செய்யாது என்பதால் சனிக்கிழமை காலையில் ஒரு குரல் பதிவு அனுப்புகிறேன். கடந்த வாரம் சந்தூர்ப் பக்கம் ஒரு தோப்பில் நின்று அனுப்பினேன். கூடவே ஒரு படம், பெங்களூரா மரத்தில் பூ இறங்கி நிற்கிற ஒரு கிளை. மதியம் அவர் பதில் வந்தது. "பூ நிறைய இருக்கிறதே, நிற்குமா?" என்று கேட்டிருந்தார்.